ஆளை நகர்த்துவது நிரலா, அனிமேஷனா?

கணினி விளையாட்டில் ஓர் ஆள் நடந்து போகும்போது அவனுடைய பாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஊன்றிய பாதம் அடுத்த அடி எடுக்கும்வரை தரையில் அதே இடத்தில் நிற்க வேண்டும். பல விளையாட்டுகளில் அது நிற்பதில்லை. எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதுபோல முன்னோக்கியோ பின்னோக்கியோ வழுக்கிக்கொண்டே போகும். முகமும் உடையும் வெளிச்சமும் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், இந்த வழுக்கலைக் கண்டதும் அந்த ஆளுக்கு எடையே இல்லை என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பாதத்தை வரைந்தவர் தவறு செய்ததால் இது நேர்வதில்லை. ஆளை இடம்விட்டு இடம் நகர்த்தும் வேலையும் கைகாலை அசைக்கும் வேலையும் கேம் எஞ்சினுக்குள் தனித்தனியாக நடக்கின்றன. அந்த இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் பாதம் வழுக்குகிறது.

எஞ்சினைப் பொறுத்தவரை ஆள் என்பது முதலில் ஒரு கேப்ஸ்யூல்தான். மாத்திரை வடிவத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடு. சுவரில் மோதுவது, தரையில் நிற்பது, பள்ளத்தில் விழுவது எல்லாம் அந்தக் கூடுதான். நாம் திரையில் காணும் உடம்பு அதற்குள் மாட்டிவைத்த உருவம். உடம்புக்குள் எலும்புக்கூடு உண்டு. எல்லா எலும்புகளுக்கும் தாயாக, வழக்கமாக இரு பாதங்களுக்கும் நடுவே தரையில், ஓர் எலும்பு இருக்கும். அதற்கு ரூட் என்று பெயர். இந்த ரூட் எலும்பு நகருமா, நகராதா என்பதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன.

முதல் முறை இன்-பிளேஸ் அனிமேஷன். ட்ரெட்மில்லில் நடப்பவரைப் போல ஆள் நின்ற இடத்திலேயே நடப்பான், ரூட் அசையாது. கேப்ஸ்யூலை எவ்வளவு வேகத்தில் எந்தத் திசையில் தள்ளுவது என்பதை நிரல் முடிவுசெய்யும். இரண்டாவது முறை ரூட் மோஷன். இங்கே அனிமேஷன் கிளிப்பிலேயே ரூட் எலும்பு முன்னால் பயணம் செய்யும். எஞ்சின் ஒவ்வொரு ஃபிரேமிலும் ரூட் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, அந்த நகர்வை எலும்புக்கூட்டிலிருந்து கழித்துக் கேப்ஸ்யூலுக்குக் கொடுத்துவிடும். அதாவது, வேகத்தைத் தீர்மானிப்பது நிரல் எழுதியவர் அல்ல. அசைவை நடித்துக் காட்டியவரோ வரைந்தவரோதான்.

இந்தப் பிரிவு முப்பரிமாண விளையாட்டுகளுக்கு முன்பே இருந்தது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மாரியோவின் வேகம் தனியாக ஓர் எண். பொத்தானை அழுத்தினால் எண் கூடும், விட்டால் குறையும். கால் எவ்வளவு விரைவாக மாறவேண்டும் என்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். வேகம் முதலில், கால் பிறகு. 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் வரிசை தலைகீழ். ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அந்தப் படங்களைப் பார்த்து இளவரசனின் ஒவ்வோர் அசைவையும் வரைந்தார். ஆப்பிள் II-க்கு அவர் எழுதிய மூல நிரல் 2012-இல் வெளியானது. அதில் அசைவுகளின் பட்டியலில், படங்களுக்கு இடையிடையே `chx` என்ற கட்டளை வருகிறது. ஆளைக் கிடைமட்டமாக இத்தனை புள்ளி நகர்த்து என்பது அதன் பொருள். இளவரசன் எவ்வளவு தூரம் போகிறான் என்பது அசைவோடு அசைவாக எழுதப்பட்டிருக்கிறது. ரூட் மோஷனின் சாரம் அதுவே. இரண்டையும் ஆடிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் விரலிலேயே தெரியும். மாரியோ விரலுக்கு உடனே கீழ்ப்படிவான். இளவரசன் தொடங்கிய அடியை முடித்துவிட்டுத்தான் திரும்புவான்.

எந்த முறை நல்லது என்று விளையாட்டு முழுவதற்கும் ஒரே பதில் தேடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. கேள்வியை ஒவ்வோர் அசைவுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். இந்த அசைவில் விரலும் உடம்பும் முரண்பட்டால் யார் பேச்சு எடுபட வேண்டும்? ஆடுபவரின் விரல் என்றால் இன்-பிளேஸ். உடம்பு என்றால் ரூட் மோஷன். ஒரு மூன்றாம் நபர் கோண விளையாட்டை எடுத்துக்கொண்டு இதை விரிவாகப் பார்ப்போம்.

முதலில் நடை. கையில் ஓர் இன்-பிளேஸ் கிளிப் இருக்கிறது. வினாடிக்கு 30 ஃபிரேம், ஒரு சுற்று 30 ஃபிரேம். சுற்று என்றால் வலது கால் ஊன்றியதிலிருந்து மறுபடி வலது கால் ஊன்றும்வரை. இது எந்த வேகத்துக்கான நடை? கிளிப்பில் ஆள் நகரவில்லை என்பதால் விடை இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் விடை பாதத்திலேயே இருக்கிறது. ஆள் நின்ற இடத்தில் நடக்கும்போது ஊன்றிய பாதம் பின்னோக்கி நகரும். அது நகரும் வேகம்தான் நடையின் வேகம். நம் கிளிப்பில் வலது பாதம் 18 ஃபிரேம் ஊன்றி இருக்கிறது, அதாவது 0.6 வினாடி. அதற்குள் இடுப்புக்கு 42 செ.மீ. முன்னாலிருந்து 42 செ.மீ. பின்னால் போகிறது. ஆக 84 செ.மீ. அதை 0.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 1.4 மீட்டர். சாதாரணமாக நடந்துபோகும் மனிதரின் வேகம் இது.

இப்போது நிரல் எழுதுபவர், விளையாட்டு மந்தமாக இருக்கிறதே என்று வேகத்தை 2 மீட்டர் ஆக்குகிறார். கேப்ஸ்யூல் வினாடிக்கு 2 மீட்டர் போகிறது, பாதம் 1.4 மீட்டருக்குத்தான் ஈடுகொடுக்கிறது. மீதி 60 செ.மீ. ஒவ்வொரு வினாடியும் வழுக்கலாக மாறுகிறது. திருத்தம் எளிது. 2-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 1.43. கிளிப்பை அத்தனை மடங்கு வேகமாக ஓட்டினால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். யூனிட்டி எஞ்சினில் அது இப்படி இருக்கும்:

```csharp
controller.Move(dir * speed * Time.deltaTime);
animator.SetFloat("WalkRate", speed / 1.4f);
```

`WalkRate` என்பது நடைக்கு மட்டும் வேகப் பெருக்கியாக நாம் வைத்த பெயர். இந்த வித்தைக்கும் எல்லை உண்டு. கால்வாசிக்கு மேல் கூட்டினாலோ குறைத்தாலோ பாதம் வழுக்காது, ஆனால் ஆள் பழைய மௌனப் படத்தில் நடப்பவரைப் போலத் துருதுருவென்று போவான். 1.43 மடங்கு அதிகம்தான். அங்கே செய்யவேண்டியது வேறு. வினாடிக்கு 1.4 மீட்டருக்கு ஒரு நடை, 3 மீட்டருக்கு ஒரு மெதுவோட்டம், 5 மீட்டருக்கு ஓர் ஓட்டம் என்று மூன்று கிளிப் வைத்து, இடைப்பட்ட வேகங்களுக்கு இரண்டிரண்டாகக் கலந்துகொள்ள வேண்டும். கலக்கும்போது மூன்று கிளிப்பிலும் வலது பாதம் சுற்றின் ஒரே இடத்தில் ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிளிப் வலதையும் இன்னொன்று இடதையும் ஊன்ற, கலவையில் இரண்டு காலும் குழம்பிவிடும்.

ரூட் மோஷன் வைத்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பாதமும் நகர்வும் ஒரே கிளிப்பிலிருந்து வருவதால் கிளிப் சரியாக இருக்கும்வரை வழுக்கல் வராது. ஆனாலும் ஆடுபவர் ஓட்டும் ஆளின் ஓட்டத்தை நான் இன்-பிளேஸாகவே வைப்பேன். காரணம் நிறுத்தம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் மனிதர் சட்டென்று நிற்க முடியாது. இரண்டு அடி எடுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, 0.6 வினாடி கழித்துத்தான் நிற்பார். அதற்குள் 1.2 மீட்டர் போய்விடுவார். நடித்துப் பதிவுசெய்த நிறுத்தக் கிளிப்பில் இது அப்படியே இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆடுபவர் மலை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பொத்தானை விடுகிறார். ரூட் மோஷன் அவரைக் கீழே தள்ளிவிடும். நான்தான் விட்டேனே என்பார் ஆடுபவர். அவர் சொல்வது நியாயம். நிரல் கையில் நகர்வு இருந்தால் 0.15 வினாடியில், சுமார் 40 செ.மீ. தூரத்தில் நிறுத்திவிடலாம். உடம்பு பின்னால் சாயும் அசைவு நின்ற பிறகும் ஓடி முடியட்டும். பாதம் ஒரு கணம் வழுக்கும். அதைவிட விரலை ஏமாற்றுவது பெரிய குற்றம்.

குதிப்பும் இதே கட்சி. எவ்வளவு உயரம் குதிக்கலாம் என்பது மேடைகளை அமைத்தவரின் முடிவு. அந்த எண் ஒரு கிளிப்புக்குள் புதைந்து கிடக்கக் கூடாது.

இனி சுவர் தாண்டுவது. இங்கே நிலைமை தலைகீழாகிறது. கை சுவரின் மேல் விளிம்பில் பதிய வேண்டும், உடம்பு அந்தக் கையைச் சுற்றித் திரும்ப வேண்டும், மறுபக்கம் கால் ஊன்ற வேண்டும். நகர்வின் வேகம் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது: தொடக்கத்தில் விரைவு, கை பதிந்ததும் கிட்டத்தட்ட நின்று, பிறகு மறுபடி விரைவு. இதை நிரலில் எண்களாக எழுத முயன்றால் கை சுவரைவிட்டு அங்குமிங்கும் மிதக்கும். இதற்கு ரூட் மோஷன்தான்.

நம் கிளிப் 36 ஃபிரேம், 1 மீட்டர் உயரச் சுவருக்காகப் பதிவானது. 10-ஆவது ஃபிரேமில் கை சுவரில் பதிகிறது. அதுவரை ரூட் 90 செ.மீ. முன்னேறுகிறது. 23-ஆவது ஃபிரேமில் மறுபக்கம் கால் ஊன்றுகிறது. ஆடுபவரோ சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி நின்று பொத்தானை அழுத்துகிறார். அப்படியே ஓட்டினால் கை 30 செ.மீ. முன்பே காற்றைப் பிடிக்கும். அந்த 30 செ.மீட்டரைக் கை பதிவதற்கு முந்தைய 9 ஃபிரேம்களுக்குப் பங்கிட்டால் ஃபிரேமுக்குச் சுமார் 3.3 செ.மீ. கூடுகிறது. ஓடிவரும் கட்டம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. சுவர் 1.15 மீட்டர் என்றால் மேல்நோக்கியும் 15 செ.மீட்டரை அதே போலப் பங்கிட வேண்டும். இதை நாமே எழுத வேண்டியதில்லை. அன்ரியல் எஞ்சினில் மோஷன் வார்ப்பிங் என்ற வசதியும், யூனிட்டியில் `Animator.MatchTarget` என்ற கட்டளையும் இதற்காகவே இருக்கின்றன. கை எந்த இடத்தில், கிளிப்பின் எந்தப் பகுதிக்குள் பதிய வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் பங்கீட்டையும் அளவோடு செய்ய வேண்டும். சுவர் 2 மீட்டர் என்றால் கிளிப்பை இழுப்பதைவிட, ஏறும் கிளிப் ஒன்றைத் தனியாக எடுப்பதே சரி.

சுவர் தாண்டலில் புதியவர்களைத் தவிக்கவிடும் இடம் ஒன்று உண்டு. ஆள் தாண்டும் அசைவை முழுதாகச் செய்கிறான், முடிந்ததும் பார்த்தால் சுவருக்கு இந்தப் பக்கமே நிற்கிறான். கிளிப்பின் மேல் சந்தேகம் வரும். குற்றம் அங்கே இல்லை. ரூட் மோஷன் கேப்ஸ்யூலை முன்னே தள்ளியிருக்கிறது, சுவர் கேப்ஸ்யூலைத் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். தாண்டும் நேரத்துக்கு மட்டும் அந்தச் சுவருடன் மோதலை நிறுத்திவைக்க வேண்டும். அன்ரியலில் இன்னொன்றும் வேண்டும். ஆள் நடக்கும் நிலையில் இருக்கும்போது அந்த எஞ்சின் ரூட்டின் மேல்நோக்கிய நகர்வைக் கணக்கில் எடுக்காது. அதனால் அவனைப் பறக்கும் நிலைக்கு, அங்கே `Flying` என்று பெயர், மாற்றிவிட்டுத் தாண்ட வைத்து, முடிந்ததும் நடக்கும் நிலைக்குத் திருப்ப வேண்டும். இடையில் யாராவது அடித்து அசைவு பாதியில் அறுந்தால் இந்தத் திருப்பும் வரி ஓடாமல் போகலாம். ஆள் அந்தரத்தில் நடந்து திரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வாள்வீச்சு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வீரன் 80 செ.மீ. முன்னே பாய்ந்து வெட்டுகிறான். பாய்ச்சலின் கனம் பாதத்தில் இருப்பதால் ரூட் மோஷன் நன்றாகப் பொருந்தும். ஆனால் வெட்டு முடிந்து உடம்பு நிமிரும் கடைசிப் பகுதியில், ஆடுபவர் விலக நினைத்தால் கிளிப்பை அறுத்துக் கட்டுப்பாட்டை உடனே நிரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பகுதி எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்பதை அனிமேஷன் செய்பவரும் நிரல் எழுதுபவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்வது நல்லது.

இரு முறைகளும் ஒரே ஆளிடம் கலந்திருக்கும்போது எழும் கோளாறுகளைக் கண்டுபிடிக்க, கேப்ஸ்யூலைத் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அன்ரியலில் `show Collision` என்று தட்டினால் தெரியும். உடம்பு கேப்ஸ்யூலைவிட்டு முன்னால் நடந்துபோய், சுற்று முடிந்ததும் வெடுக்கென்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால், கிளிப்பில் ரூட் நகர்கிறது, ஆனால் எஞ்சின் அதை எடுத்துக் கேப்ஸ்யூலுக்குக் கொடுக்கவில்லை என்று பொருள். யூனிட்டியில் தரையில் நகர்தலுக்கு `Bake Into Pose` குறிக்கப்பட்டிருக்கிறதா, அன்ரியலில் `EnableRootMotion` இயங்குகிறதா என்று பாருங்கள். கேப்ஸ்யூலும் உடம்பும் சேர்ந்தே போகின்றன, ஆனால் நினைத்ததைவிட அதிக வேகத்தில் என்றால், கிளிப்பும் தள்ளுகிறது, நிரலும் தள்ளுகிறது. இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும்.

நுட்பமான கோளாறு சறுக்கிச் செல்லும் திசை. மனிதரை நடக்கவைத்துப் பதிவுசெய்த கிளிப்பில், அவர் நேராக நடந்ததாகத் தோன்றினாலும் ஒரு சுற்றுக்கு 2 டிகிரி திரும்பியிருக்கலாம். ஒரு சுற்றில் யாருக்கும் தெரியாது. ரூட் மோஷனில் அது கூடிக்கொண்டே போகும். 45 சுற்றுகளில், அதாவது 63 மீட்டர் நடப்பதற்குள், ஆள் 90 டிகிரி திரும்பியிருப்பான். சும்மா நிற்கும் கிளிப்பிலும் இதுவே நடக்கும்: காவலாளியை வாசலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் சுவரோடு ஒட்டி நிற்பான். யூனிட்டியில் கிளிப்பைக் கொண்டுவரும் பகுதியில் `Bake Into Pose` என்ற குறி மூன்று இடங்களில் இருக்கும்: திரும்புதல், உயரம், தரையில் நகர்தல். எதைக் குறிக்கிறோமோ அது உடம்பின் அசைவாக மட்டும் நின்றுவிடும், கேப்ஸ்யூலைத் தொடாது. நேர் நடைக்குத் திரும்புதலையும் உயரத்தையும் குறிக்க வேண்டும். சும்மா நிற்பதற்கு மூன்றையும். சுவர் தாண்டலுக்கு உயரத்தைக் குறிக்கக் கூடாது, குறித்தால் உடம்பு மேலே போகும், கேப்ஸ்யூல் தரையிலேயே கிடக்கும்.

ரூட் மோஷன் என்றால் நிரலுக்கு வேலையே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. நடைக் கிளிப்பு புவியீர்ப்பை அறியாது. படியிலிருந்து இறங்கும் ஆள் காற்றிலேயே நேராக நடந்துபோகாமல் இருக்க, முன்னோக்கிய நகர்வைக் கிளிப்பிடமிருந்தும் கீழ்நோக்கிய நகர்வை நிரலிடமிருந்தும் எடுக்க வேண்டும்:

```csharp
void OnAnimatorMove()
{
    if (controller.isGrounded && fall < 0f) fall = -2f;
    fall += -9.81f * Time.deltaTime;
    Vector3 step = animator.deltaPosition;
    step.y = fall * Time.deltaTime;
    controller.Move(step);
}
```

`deltaPosition` என்பது அந்த ஃபிரேமில் ரூட் நகர்ந்த அளவு. அதன் உயரப் பங்கை எடுத்துவிட்டு விழும் வேகத்தை வைக்கிறோம். தரையில் நிற்கும்போது −2 என்று வைப்பது, இறக்கங்களில் ஆள் தரையைவிட்டுத் துள்ளாமல் ஒட்டிக்கொண்டு போவதற்காக. இந்தக் கட்டளையை எழுதிவிட்டால் யூனிட்டி தானாக ஆளை நகர்த்துவதை நிறுத்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். திரும்பும் கிளிப் இருந்தால் `deltaRotation`-ஐயும் நாமேதான் சேர்க்க வேண்டும்.

ஆடுபவர் ஓட்டாத ஆட்களுக்கு, அதாவது காவலர், ஊர்மக்கள், விலங்குகளுக்கு, விரலின் அவசரம் இல்லை. அதனால் அருகில் வந்து நிற்கும் ஓரிரு முக்கிய ஆட்களுக்கு நடையிலும் ரூட் மோஷன் தாராளமாக வைக்கலாம், பார்க்க மிக நன்றாக இருக்கும். ஆனால் தெருவில் திரியும் கூட்டத்துக்கு வேண்டாம். யூனிட்டியில் கேமராவுக்குத் தெரியாத ஆளின் அனிமேஷனை முழுதாக நிறுத்தும் `Cull Completely` என்ற சிக்கனம் இருக்கிறது. அனிமேஷன் நின்றால் ரூட் மோஷனும் நிற்கும். பார்வையிலிருந்து மறைந்த காவலன் வழியிலேயே உறைந்து, நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது மறுபடி நடக்கத் தொடங்குவான். இன்-பிளேஸ் ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவான்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் தராசு இன்னும் நிரல் பக்கம் சாய்கிறது. ஒவ்வொருவர் கணினியிலும் ஆள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வேகமும் திசையும் சில எண்கள், அனுப்புவதும் சரிபார்ப்பதும் எளிது. கலந்த பல கிளிப்புகள் தந்த நகர்வை வேறொரு கணினியில் இம்மி பிசகாமல் மறுபடி உண்டாக்குவது கடினம். அதனால்தான் அன்ரியலில் இத்தகைய விளையாட்டுகளுக்கு `Root Motion from Montages Only` என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டு, தாண்டல் போலத் தனியாகத் தொடங்கித் தனியாக முடியும் கிளிப்புகளுக்கு மட்டும் ரூட் மோஷன், மற்ற எல்லாம் நிரலின் பொறுப்பு.

இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸமோ கிளிப்புகளோடு தொடங்குபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நடை, ஓட்டம் போன்ற கிளிப்புகளில் `In Place` என்று ஒரு பெட்டி இருக்கும். இறக்குவதற்கு முன்பே முடிவுசெய்து குறியிடுங்கள். அடுத்தது, அந்த எலும்புக்கூட்டில் தரையில் தனி ரூட் எலும்பு கிடையாது, இடுப்பெலும்புதான் எல்லாவற்றுக்கும் தாய். அன்ரியலில் அப்படியே ரூட் மோஷனை இயக்கினால் இடுப்பின் ஆட்டமெல்லாம் கேப்ஸ்யூலின் நகர்வாகிவிடும். பிளெண்டர் போன்ற மென்பொருளில் தரையில் ஒரு ரூட் எலும்பைச் சேர்த்து, இடுப்பின் பயணத்தை அதற்கு மாற்றிய பிறகு கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிளிப்பின் பெயரிலேயே முறையைக் குறித்துவிடுங்கள்: `Walk_IP`, `Vault_RM` என்பதுபோல. ஆறு மாதம் கழித்து உங்கள் குழுவில் சேரும் புதியவர், அந்த ஆளை யார் நகர்த்துகிறார்கள் என்று தேடி ஒரு நாளை வீணாக்க மாட்டார்.